வானவில்லை எங்கே வைப்பது? நிழலைக் கேளுங்கள்

நிலக்காட்சிப் படம் ஒன்றில் வானவில்லைச் சேர்ப்பது கணினியில் ஐந்து நிமிட வேலை. வட்டமான ஒரு கிரேடியன்ட்டை இழுத்துவிட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை ஸ்கிரீன் என்று மாற்றினால் ஏதோ ஒரு வில் வந்துவிடும். ஆனால் அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல், பார்த்த மாத்திரத்தில் ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும். உடனே எல்லாரும் நிறத்தைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண் மன்னித்துவிடும். வில் நிற்கும் இடமும் அதன் அளவும் தவறினால் மன்னிக்காது. காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ‘என்னவோ உதைக்கிறது’ என்பார்.

வானவில்லுக்கு மரம், மலை போல ஓரிடத்தில் நிற்கும் உடம்பு கிடையாது. பார்ப்பவருக்குப் பின்னால் சூரியன், முன்னால் மழை. சூரிய ஒளி மழைத்துளிக்குள் நுழைந்து, உள்சுவரில் ஒருமுறை எதிரொளித்து வெளியே வரும்போது, சூரியனுக்கு நேர் எதிரே உள்ள திசையிலிருந்து ஏறக்குறைய 42 டிகிரி தள்ளிய திசையில் மிக அதிகமாகக் குவிகிறது. சிவப்பு 42 டிகிரிக்குச் சற்று வெளியே, ஊதா 41 டிகிரிக்குச் சற்று உள்ளே. எனவே வானவில் என்பது ஒரு புள்ளியைச் சுற்றி 42 டிகிரி ஆரத்தில் அமைந்த வட்டம். அந்த மையத்தை இங்கே எதிர்ப்புள்ளி என்று அழைப்போம். உங்கள் கண்ணிலிருந்து பார்த்தால் சூரியனுக்குச் சரியாக 180 டிகிரி எதிரே இருப்பது அது.

சூரியன் தொடுவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி இருக்கிறதோ, எதிர்ப்புள்ளி அத்தனை டிகிரி கீழே இருக்கும். வில்லின் உச்சி தொடுவானத்துக்கு மேலே எவ்வளவு உயரம் என்று கேட்டால், 42-லிருந்து சூரியனின் உயரத்தைக் கழித்தால் போதும். சூரியன் மறையும் நேரத்தில் அரைவட்டம் முழுதாக எழும்பும். சூரியன் 30 டிகிரியில் இருந்தால் 12 டிகிரி உயரத்துக்கு ஒரு தாழ்ந்த வளைவு மட்டும். 42-ஐத் தாண்டிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வில்லே கிடையாது. நண்பகல் படத்தில் வானவில் வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். படத்துக்குள்ளேயே சூரியன் தெரிகிறதென்றால் வேறு படத்தைத் தேடுங்கள், அதில் வழியே இல்லை.

இதைச் சோதிக்க எளிய அளவு ஒன்று உண்டு. சமதரையில் நிற்கும் ஒரு பொருளின் நிழல், அதன் உயரத்தைப்போல 1.1 மடங்குக்கும் குறைவாக இருந்தால் சூரியன் 42 டிகிரிக்கு மேலே இருக்கிறது. நிழல் மூன்று மடங்கு நீளமாக இருந்தால் சூரியன் ஏறத்தாழ 18 டிகிரியில் இருக்கிறது. இந்த 18 டிகிரியையே கீழே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மையத்தைக் கண்டுபிடித்தல்

எதிர்ப்புள்ளி எங்கே என்பதை உங்கள் படமே சொல்லிவிடும். கேமராவின் நிழல் விழும் இடம்தான் அது. படம் எடுத்தவரின் தலை நிழல் படத்தின் கீழ்ப்பகுதியில் விழுந்திருந்தால் வேலை முடிந்தது. அந்தத் தலைதான் வானவில்லின் மையம்.

பல படங்களில் அது தெரியாது. உயரமான புல்லில் கலைந்துபோயிருக்கும், அல்லது அழகு கெடுகிறதென்று யாராவது அழித்திருப்பார்கள். அப்போது மற்ற பொருள்களின் நிழலைப் பிடிக்க வேண்டியதுதான். பின்வரும் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புல்வெளி, அதில் வரிசையாக வேலிக்கம்பங்கள், தொலைவில் ஒரு குன்று, அதற்குப் பின்னால் கருத்த மழைமேகம். வெயில் பின்னாலிருந்து அடிப்பதால் கம்பங்களின் நிழல் நம்மைவிட்டு விலகிக் குன்றை நோக்கி ஓடுகிறது. படம் 6000 × 4000 பிக்சல். கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் எடுத்ததால் தொடுவானம் சரியாக நடுவில், மேலிருந்து 2000-ஆவது பிக்சலில் இருக்கிறது.

புதிய லேயர் ஒன்றைத் திறந்து இடதுபக்கக் கம்பம் ஒன்றை எடுங்கள். கம்பத்தின் உச்சியிலிருந்து அதன் நிழலின் நுனி வரை ஒரு நேர்கோடு போட்டு, அதே போக்கில் கீழே நீட்டிக்கொண்டே போங்கள். கம்பத்தின் அடி நமக்குத் தேவையில்லை. உச்சியும் நிழல் நுனியும் மட்டும்தான். வலதுபக்கத்தில் இன்னொரு கம்பத்துக்கும் அப்படியே. இரண்டு கோடுகளும் கீழே ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுப்புள்ளிதான் எதிர்ப்புள்ளி. காரணம் எளிது. உச்சியிலிருந்து நிழல் நுனிக்குப் போகும் கோடு ஒரு சூரியக் கதிர். சூரியக் கதிர்கள் எல்லாம் இணையானவை. இணைகோடுகள் படத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது போல இவையும் ஓடுகின்றன.

சரிபார்க்க இன்னொன்றும் செய்யலாம். தரையில் கிடக்கும் நிழல்களையே தொடுவானம் வரை நீட்டினால் அவையும் ஓரிடத்தில் கூடும். அந்த இடம் எதிர்ப்புள்ளிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே செங்குத்தில் வரவில்லையென்றால் ஏதோ ஒரு கோட்டைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது அந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, அல்லது தரை சரிவாக இருக்கிறது. சரிவுதான் பெரும்பாலும் ஆளை ஏமாற்றும். உச்சியிலிருந்து நுனிக்குப் போடும் கோட்டைச் சரிவு பாதிக்காது என்பதால் சந்தேகம் வந்தால் அந்த முறையையே நம்புங்கள்.

நம் படத்தில் கோடுகள் அகலத்தின் நடுவில், தொடுவானத்துக்கு 1300 பிக்சல் கீழே வெட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம்.

வில்லின் அளவு நம் கையில் இல்லை

மையம் கிடைத்ததும் கைக்கு வந்த அளவில் வட்டம் போடத் தோன்றும். மரத்துக்கும் குன்றுக்கும் இடையில் கச்சிதமாக அடங்கும் குட்டி வானவில் நிறையப் படங்களில் வருவது அப்படித்தான். 42 டிகிரி ஆரம் என்றால் விட்டம் 84 டிகிரி. 24 மி.மீ. அகலக்கோண லென்ஸே கிடைமட்டத்தில் 74 டிகிரி அளவுக்குத்தான் பார்க்கும். ஆக, முழு வில்லும் உள்ளே அடங்கிய படம் என்றால் அது மிக அகலமான லென்ஸில் எடுத்ததாகவோ, சூரியன் நன்றாக உயர்ந்திருந்தபோது எடுத்ததாகவோ இருக்க வேண்டும். தொலைவுக் காட்சியை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் படத்தில் வில்லின் ஒரு துண்டுதான் வரும், அதுவும் ஏறக்குறைய நேரான பட்டையாக.

அளவைக் கணக்கிட, டிகிரியைப் பிக்சலாக மாற்ற வேண்டும். அதற்கு லென்ஸின் குவியத்தூரம் தேவை. படக் கோப்பின் விவரங்களில் 35 மி.மீ. சமமதிப்பு என்று ஓர் எண் இருக்கும். அதைக்கொண்டு, குவியத்தூரத்தைப் பிக்சலில் சொல்லும் F என்ற எண்ணைக் காணலாம்:

```
F = படத்தின் அகலம் × குவியத்தூரம் ÷ 36
```

நம் படம் 24 மி.மீ. என்றால் 6000 × 24 ÷ 36, அதாவது F = 4000. படத்தை வெட்டியிருந்தால் வெட்டுவதற்கு முந்தைய அகலத்தைப் போட வேண்டும். கைபேசிப் படங்களின் வடிவம் வேறாக இருப்பதால் இந்தக் கணக்கு சிறிது பிசகும், ஆனால் நம் வேலைக்கு அது போதும்.

இப்போது 1300-ஐ 4000-ஆல் வகுத்தால் 0.325. அது 18 டிகிரியின் டான் மதிப்பு. சூரியன் 18 டிகிரியில் இருக்கிறது. அப்படியானால் வில்லின் உச்சி தொடுவானத்துக்கு மேலே 42 − 18 = 24 டிகிரியில். டான் 24 என்பது 0.445; அதை 4000-ஆல் பெருக்கினால் சுமார் 1780 பிக்சல். தொடுவானத்துக்கு மேலே நமக்கு 2000 பிக்சல் வானம் இருக்கிறது. உச்சி உள்ளே அடங்கிவிடுகிறது, மேலே 220 பிக்சல் இடைவெளியோடு.

அடுத்தது வில்லின் கால்கள். வில் தொடுவானத்தைத் தொடும் இடம் நடுவிலிருந்து இருபுறமும் எவ்வளவு தள்ளி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: காஸ் 42-ஐ காஸ் 18-ஆல் வகுத்தால் 0.781, அது ஏறக்குறைய 38.6 டிகிரியின் காஸ். டான் 38.6 பெருக்கல் 4000, சுமார் 3190 பிக்சல். படத்தின் அரை அகலமோ 3000. அதனால் கால்கள் இரண்டும் படத்துக்கு வெளியே விழுகின்றன. நம் வில் தரையைத் தொடாமலே பக்கவாட்டில் வெளியேறும்.

இங்கே ஒரு நுணுக்கம். எதிர்ப்புள்ளியை மையமாக வைத்து உச்சி வழியாக வட்டம் போட்டால், அது தொடுவானத்தை 2790 பிக்சலிலேயே தொட்டுவிடும். சரியான இடத்தைவிட 400 பிக்சல் உள்ளே! அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இழுத்து நீட்டுவதுதான் காரணம். வானத்தில் அது வட்டம்தான், ஆனால் தட்டையான படத்தில் ஓரத்துக்குப் போகப் போக விரிந்துவிடுகிறது. எனவே உச்சி, இரண்டு கால்கள் ஆகிய மூன்று புள்ளிகள் வழியாகவும் போகும் வட்டத்தைத்தான் நாம் வரைய வேண்டும். நம் கணக்கில் அதன் ஆரம் சுமார் 3755 பிக்சல், மையம் தொடுவானத்துக்கு 1975 பிக்சல் கீழே, கிட்டத்தட்டப் படத்தின் கீழ் விளிம்பிலேயே. உண்மையான வளைவு துல்லியமாக வட்டம் அல்ல. ஆனாலும் இந்தச் சட்டத்துக்குள் இரண்டுக்கும் வேறுபாடு பத்திருபது பிக்சலுக்குள் அடங்கிவிடும். 50 மி.மீ. போன்ற லென்ஸில் தெரியும் சிறு துண்டுக்கும் இதே வழிதான்.

கிரேடியன்ட்

புதிய லேயர் ஒன்றில் கிரேடியன்ட் கருவியை எடுத்து வடிவத்தை `Radial` என்று வையுங்கள். மென்பொருளோடு வரும் தயார் வானவில் கிரேடியன்ட்டைப் பயன்படுத்தினால் வட்டத்தின் பெரும்பகுதிக்கு நிறம் பரவிவிடும். வானவில்லோ வெறும் இரண்டு டிகிரி அகலம்தான். நம் படத்தில் அது உச்சியில் 160 பிக்சல் அளவு, அதாவது ஆரத்தில் நூற்றுக்கு நாலு பங்கு. நிறங்கள் எல்லாம் கடைசி ஐந்தாறு சதவீதத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டும்:

```
0%    15, 15, 15     மங்கல் சாம்பல்
94%   40, 40, 40     சாம்பல்
95%   110, 40, 190   ஊதா
96%   30, 80, 220    நீலம்
97%   40, 190, 70    பச்சை
98%   240, 190, 40   மஞ்சள்
99%   230, 50, 30    சிவப்பு
100%  0, 0, 0        கறுப்பு
```

வட்ட மையத்தில் தொடங்கி நேர் மேலே உச்சி வரை இழுங்கள். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டால் கோடு சாயாது. சிவப்பு வெளியேயும் ஊதா உள்ளேயும் வந்திருக்க வேண்டும். தலைகீழாக வந்தால் இழுத்த திசை மாறிவிட்டது.

உள்ளே கறுப்புக்குப் பதில் சாம்பல் ஏன் என்று கேட்கலாம். வானவில்லுக்கு உட்புற வானம் வெளிப்புறத்தைவிட வெளுப்பாக இருக்கும். ஒளி 42 டிகிரியில் குவிந்தாலும் அதற்கு உள்ளே எல்லாக் கோணங்களிலும் கொஞ்சம் சிதறுகிறது, வெளியே சிதறுவதில்லை. இந்தச் சாம்பலைப் போடாமல் விட்டுவிட்டு, நிறப்பட்டை மட்டும் ஏன் ஒட்டாமல் தொங்குகிறது என்று தேடுபவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், நிறங்களைத் திருத்தும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது வில்? அது 51 டிகிரியில், நிறங்கள் தலைகீழாக, முதல் வில்லைவிட அகலமாகவும் மங்கலாகவும் வரும். நம் படத்தில் அதன் உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது, மேல் மூலைகளில் மட்டும் ஒரு துண்டு விழும். விட்டுவிடலாம்.

பிறகு லேயருக்கு லேசான காசியன் பிளர், 15 பிக்சல் போதும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் உண்மையான வில்லில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துதான் தெரியும்.

ஸ்கிரீன் ஏன்?

வானவில் மேகத்தை மறைப்பதில்லை. மேகத்திலிருந்து வரும் ஒளியோடு இன்னும் கொஞ்சம் ஒளி வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதனால் வில் இருக்கும் இடம் முன்பைவிட வெளுப்பாகலாம், ஒருநாளும் கருக்காது. சாதாரணக் கலப்பில் ஒபாசிட்டியை 40 சதவீதமாக்கி வைத்தால் என்ன ஆகும்? வானம் 200 என்றும், ஊதாவின் பச்சைக் கூறு 40 என்றும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது 136. இருந்ததைவிட இருண்டுவிட்டது. பெயின்ட் அடித்தது போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஸ்கிரீன் இப்படிக் கணக்கிடுகிறது:

```
விளைவு = 255 − (255 − கீழ்) × (255 − மேல்) ÷ 255
```

மேல் லேயர் கறுப்பாக, அதாவது 0-ஆக இருந்தால் கீழே இருந்தது அப்படியே வரும். வட்டத்துக்கு வெளியே கறுப்பு வைத்தது இதற்காகத்தான், தனியே வெட்டியெடுக்கத் தேவையில்லை. இப்போது வில்லின் ஒரு நிறக் கூறு 120 என்று கொள்ளுங்கள். கீழே 80 அளவுள்ள கருமேகம் இருந்தால் விளைவு 162, இருமடங்காகிவிட்டது. கீழே 200 அளவுள்ள வெளுத்த வானம் இருந்தால் 226; சற்றுத்தான் ஏறியது. கருமேகத்தின் முன் பளிச்சென்று தெரிந்து, வெளிர்வானத்தில் கரைந்துபோவது நிஜ வானவில்லின் குணமும்கூட. நீங்கள் எதுவும் செய்யாமலே ஸ்கிரீன் அதைச் செய்துகொடுக்கிறது.

அப்புறம் இதன் மறுபக்கம்: வானம் வெளுத்துப் போயிருந்தால் ஸ்கிரீனில் வில் தெரியவே தெரியாது. அந்நேரம் நிறத்தை ஏற்றிக்கொண்டே போவது வீண். முதலில் வானத்தை இருட்டாக்க வேண்டும், இல்லையென்றால் மழைமேகம் உள்ள படத்தை எடுக்க வேண்டும். தரையில் வெயில், பின்னால் இருண்ட வானம் என்ற சேர்க்கைதான் வானவில் வரும் சூழல்.

லேயரின் ஒபாசிட்டியை 35 சதவீதத்தில் தொடங்குங்கள். 50-ஐத் தாண்ட வேண்டிய படம் அபூர்வம்.

எதன் முன்னால், எதன் பின்னால்

கிரேடியன்ட் இப்போது புல்வெளியின் மீதும் கம்பங்களின் மீதும் விழுந்திருக்கும். லேயருக்கு மாஸ்க் போட்டு, தரையைக் கறுப்பு பிரஷ்ஷால் மறைக்க வேண்டும். குன்றை முழுதாக மறைக்காதீர்கள். நமக்கும் குன்றுக்கும் நடுவே மழை பெய்தால் அந்தத் துளிகளிலிருந்தும் வில்லின் ஒளி வரும், வில் குன்றின் முன்னால் தெரியும். தொலைவில் உள்ள குன்றின் மீது வில்லைப் பாதி வலுவில் விட்டுவைத்து, கிட்டத்து மரம், கம்பம், புல் ஆகியவற்றின் மேல் சுத்தமாக நீக்கிவிடுங்கள். வில்லின் வலுவும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. மேகம் அடர்ந்த இடத்தில் தெளிவாகவும் மழை விட்ட இடத்தில் அறுந்தும் இருக்கும். பெரிய மென்மையான பிரஷ்ஷை 20 சதவீதத்தில் வைத்து மாஸ்க்கில் இரண்டு மூன்று இடத்தில் தடவினால் அது வந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் எல்லாம் சரியாக அமைந்தால், வில் படத்தின் இடது, வலது விளிம்புகளைத் தொடுவானத்துக்கு 280 பிக்சல் அளவு மேலே கடக்க வேண்டும். அங்கே கடக்கவில்லையென்றால் வட்ட மையத்தைத் திரும்பப் பாருங்கள். நிழல் மிக நீண்டு, சூரியன் மறையப்போகும் நேரத்துப் படமாக இருந்தால் ஊதாவையும் நீலத்தையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்நேரத்து வெயிலிலேயே நீலம் குறைவு என்பதால் வில்லிலும் சிவப்பும் மஞ்சளுமே மிஞ்சும்.

கோப்பில் லென்ஸ் விவரம் அழிந்துபோயிருந்தால்? எடுத்த இடமும் நேரமும் தெரிந்தால் சூரியனின் உயரத்தைச் சூரிய நிலை காட்டும் செயலிகளில் பார்த்துக்கொள்ளலாம். எதிர்ப்புள்ளி தொடுவானத்துக்கு எத்தனை பிக்சல் கீழே என்று கம்பங்களின் கோடுகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. அந்த 1300-ஐ டான் 18-ஆல் வகுத்தால் 4000, அதாவது நமக்கு வேண்டிய F. அங்கிருந்து உச்சியும் கால்களும் முன்பு போட்ட அதே கணக்குதான்.